பீரியட்ஸைத் தள்ளிப்போட்டால் தலைவலியும் தள்ளிப்போகுமா?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. பீரியட்ஸ் வருவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்பே இடது பக்கம் தலைவலி ஆரம்பித்து மூன்று நாள் ஆளையே படுத்திவிடுகிறது. வாந்தி, வெளிச்சம் ஆகாது. பாராசிட்டமால் போட்டால் கொஞ்சம் அடங்கி, மறுநாள் திரும்ப வந்துவிடும். மூளை ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் நார்மல். மாமியார் தலையில் நீர் கோத்திருக்கிறது என்கிறார். மே 22 காலையில் தம்பிக்குக் கல்யாணம், 21 மாலை வரவேற்பு. கணக்குப் பார்த்தால் சரியாக அந்தத் தேதியில்தான் பீரியட்ஸ் வரும். தள்ளிப்போடும் மாத்திரை போட்டால் தலைவலியும் தள்ளிப்போகுமா? இதற்குக் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று ஒரு உறவினர் சொல்கிறார், செய்யலாமா? காலண்டரில் குறித்த தேதிகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, கரூர்

பதில்: நீங்கள் அனுப்பிய காலண்டர் குறிப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எந்த ஸ்கேனையும்விட அதுதான் எனக்கு அதிகம் சொன்னது. டிசம்பர் 4, ஜனவரி 1, ஜனவரி 30, பிப்ரவரி 26 ஆகிய தேதிகளில் பீரியட்ஸ். தலைவலி ஆரம்பித்தது டிசம்பர் 3, டிசம்பர் 31, ஜனவரி 28, பிப்ரவரி 25. நான்கு சுற்றிலும் ரத்தப்போக்குக்கு ஒரு நாள் அல்லது இரண்டு நாள் முன்பு. நடுவில் ஒரே ஒரு முறை, பொங்கலன்று, வேலை ஜாஸ்தி, மத்தியானம்வரை சாப்பிடவில்லை என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

ரத்தப்போக்குக்கு இரண்டு நாள் முன்பிலிருந்து அது தொடங்கிய மூன்றாம் நாள்வரையுள்ள ஐந்து நாளுக்குள், மூன்று சுற்றில் இரண்டிலாவது மைக்ரேன் வந்தால் அதை மாதவிலக்கு மைக்ரேன் என்கிறோம். உங்களுக்கு நான்குக்கு நான்கு. பொங்கல் தலைவலி வேறு நாளிலும் வரக்கூடும் என்று காட்டுகிறது, அதைப் பிறகு பார்க்கலாம்.

ஹார்மோன் டெஸ்ட் நார்மல் என்று வந்ததில் ஆச்சரியமில்லை. இந்தத் தலைவலிக்குக் காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பதல்ல, அது இறங்குவது. கருமுட்டை வெளிவந்த பிறகு ஏறக்குறைய பத்து நாள் ஈஸ்ட்ரோஜன் நல்ல உயரத்தில் இருக்கும். கரு உண்டாகவில்லை என்றால் பீரியட்ஸுக்கு முந்தைய சில நாட்களில் அது மளமளவென்று சரியும். எல்லாப் பெண்களுக்கும் சரியத்தான் செய்கிறது. மைக்ரேன் உடம்புவாகு உள்ளவர்களின் மூளை மட்டும் அந்தச் சரிவைப் பொறுத்துக்கொள்வதில்லை. தலைக்கும் முகத்துக்கும் உணர்வு தரும் ட்ரைஜெமினல் நரம்பு கூடுதலாகத் தூண்டப்படுகிறது, வலி கிளம்புகிறது. லேபில் வழக்கமாக ரத்தம் எடுப்பது பீரியட்ஸின் இரண்டாம், மூன்றாம் நாளில். அதற்குள் சரிவு முடிந்துபோயிருக்கும். அன்றைக்கு யாருக்கு எடுத்தாலும் அளவு தாழ்ந்துதான் இருக்கும், ரிப்போர்ட்டும் நார்மல் என்றுதான் வரும். அந்தப் பரிசோதனையை இன்னொரு முறை எடுக்காதீர்கள், காசுக்குக் கேடு.

ஈஸ்ட்ரோஜன் சரிவுதான் காரணம் என்று கண்டுகொண்டவர் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் சோமர்வில். 1970-களின் தொடக்கத்தில் அவர் செய்த இரண்டு சோதனைகள் உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில். பீரியட்ஸுக்கு முன்பு சில பெண்களுக்குப் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனைக் கொடுத்தார். ரத்தப்போக்கு தள்ளிப்போனது, ஆனால் பெரும்பாலோருக்குத் தலைவலி வழக்கமான நாளிலேயே வந்தது. அப்புறம் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டுப் பார்த்தார். இப்போது ரத்தப்போக்கு வழக்கமான நாளில் வந்தது, தலைவலி தள்ளிப்போனது. ஆக, தலைவலி ரத்தப்போக்கின் பின்னால் வருவதில்லை. தலைவலி ஈஸ்ட்ரோஜன் சரிவிலிருந்தும், ரத்தப்போக்கு புரோஜெஸ்டிரோன் சரிவிலிருந்தும் தனித்தனியாகக் கிளம்புகின்றன.

கோயில் விசேஷத்துக்கும் கல்யாணத்துக்கும் நம் ஊரில் வாங்கிப் போடும் தள்ளிப்போடும் மாத்திரை நோரெதிஸ்டிரோன். அதுவும் புரோஜெஸ்டிரோன் வகையைச் சேர்ந்ததுதான். எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பிலிருந்து 5 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று வேளை போடுவார்கள், நிறுத்திய இரண்டு மூன்று நாளில் பீரியட்ஸ் வரும். அதைப் போட்டால் மே 22 அன்று ரத்தப்போக்கு இல்லாமல் இருக்கலாம். தலைவலி இருக்காது என்று சொல்ல முடியாது. நீங்கள் போட ஆரம்பிக்கும்போதே உங்கள் ஈஸ்ட்ரோஜன் இறங்கத் தொடங்கியிருக்கக்கூடும். மாத்திரையை நிறுத்தியதும் இன்னொரு தலைவலியும் வரலாம். பந்தலில் நிற்க சங்கடம் என்று ரத்தப்போக்கைத் தள்ளிப்போட நினைத்தால் அது உங்கள் விருப்பம். தலைவலிக்காக அதைப் போடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நோரெதிஸ்டிரோனை இந்த அளவில் விழுங்கும்போது அதில் ஒரு சிறு பகுதி உடம்புக்குள் எத்தினைல் ஈஸ்ட்ராடயோலாக மாறுகிறது. கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் அதே ஈஸ்ட்ரோஜன். தலைவலி வருவதற்கு முன்பு கால் மணி, அரை மணி நேரம் கண்ணில் வளைந்து வளைந்து ஒளிக்கோடுகள் தெரிவது, பார்வையில் ஒரு பகுதி மறைவது, கை, உதடு மரத்துப்போவது போன்ற முன்னறிகுறி உள்ளவர்களுக்கு, அதாவது ஆரா உள்ளவர்களுக்கு, பக்கவாத ஆபத்து சற்றே கூடுதல். அவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை எடுக்கவே கூடாது. தள்ளிப்போடும் மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. மாதவிலக்கு மைக்ரேன் பெரும்பாலும் ஆரா இல்லாமல்தான் வரும். ஆனாலும் நினைவுபடுத்திப் பாருங்கள், இருந்தால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

சரி, சரிவுதான் காரணம் என்றால் அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜனையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். செய்து பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் பீரியட்ஸை ஒட்டிய நாட்களில் ஈஸ்ட்ரோஜன் ஜெல் தடவிய பெண்களுக்கு, தடவிய நாட்களில் மைக்ரேன் 22 சதவீதம் குறைந்தது. நிறுத்திய பிறகு வந்த ஐந்து நாட்களில் 40 சதவீதம் கூடியது. சரிவைத் தள்ளிவைத்தார்கள், அது வட்டியோடு வந்தது. அதனால் உங்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

கர்ப்பப்பையை எடுப்பது இதைவிட மோசமான யோசனை. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையில் சுரப்பதில்லை, சினைப்பையில் சுரக்கிறது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் சினைப்பைகள் மாதாமாதம் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். தலைவலியும் வரும். ரத்தப்போக்கு என்ற அடையாளம் போய்விடுவதால் எப்போது வரும் என்று கணக்கிடக்கூட முடியாது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் 34 வயதில் ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியாக விழுந்து தலைவலி கூடவும் செய்யலாம். உறவினரிடம் வாதாட வேண்டாம், தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. சரிவை நிறுத்த முடியாது, ஆனால் அது எப்போது வரும் என்று உங்களுக்கு ஏறக்குறையத் தெரியும். அதற்கு முன்பே வலி மருந்து உடம்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பீரியட்ஸ் சீராக வருவதால் இது உங்களுக்குப் பொருந்தும். கடைசி மூன்று சுற்றுகளின் நீளம் 28, 29, 27 நாள். பிப்ரவரி 26-இலிருந்து எண்ணினால் அடுத்தது மார்ச் 25 முதல் 27-க்குள் வர வேண்டும். தலைவலி அதற்கு ஒன்று, இரண்டு நாள் முன்பு, அதாவது மார்ச் 23 முதல் 26-க்குள். எனவே மார்ச் 22 காலையில் மருந்தைத் தொடங்கி 28 இரவு முடிக்க வேண்டும்.

மருந்து நாப்ராக்சன் 500 மில்லிகிராம், காலையும் இரவும், சாப்பிட்ட பிறகு, ஏழு நாள். கடையில் நீங்களாக வாங்கிப் போடச் சொல்லவில்லை. இந்தத் தேதிக் கணக்கைக் கொண்டுபோய் உங்கள் மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, ரத்தக்கொதிப்பு, இதயநோய் இருந்தால் அல்லது ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தால் இது ஒத்துவராது. நெஞ்செரிச்சல் வருகிறவர் என்றால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றையும் கூடவே தருவார். குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கும் பெண்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்யக் கூடாது. எதிர்பார்த்த பீரியட்ஸுக்கு முந்தைய நாட்களில் கரு தங்கியிருக்க வாய்ப்புண்டு. உங்களுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை.

நாப்ராக்சனைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. பாராசிட்டமால் சில மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும், நாப்ராக்சன் அரை நாளுக்கு மேல் நிற்கும். மாதவிலக்கு மைக்ரேனின் கெட்ட குணமே அடங்கினாற்போல் அடங்கி மறுநாள் திரும்புவதுதான், ஏனென்றால் தூண்டுகிற காரணம் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இருக்கிறது. கூடவே இன்னொரு லாபம்: ரத்தப்போக்கு தொடங்கும்போது கர்ப்பப்பையிலிருந்து வெளியாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளையும் அது குறைக்கும். வயிற்றுவலியோடும் அதிகப் போக்கோடும் முதல், இரண்டாம் நாளில் தலைவலி வருகிற பெண்களுக்கு அந்தப் பொருளும் ஒரு காரணம்.

தடுப்பையும் மீறித் தலைவலி கிளம்பினால் அதற்குத் தனி மருந்து கையில் இருக்க வேண்டும். சுமாட்ரிப்டான் 50 மில்லிகிராம், கூடவே வாந்தியை நிறுத்த டோம்பெரிடோன் 10 மில்லிகிராம். மைக்ரேன் வரும்போது இரைப்பையின் வேலை மந்தமாகிவிடும், மாத்திரை உள்ளேயே கிடக்கும். நீங்கள் இதுவரை வாந்தி எடுத்த பிறகு பாராசிட்டமால் போட்டிருந்தால், அது ரத்தத்தில் சேரவே நேரம் ஆகியிருக்கும். பொறுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள், இது மைக்ரேன்தான் என்று தெரிந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் போடுங்கள். முதல் மாத்திரைக்கு வலி குறைந்து, பிறகு திரும்பி வந்தால் குறைந்தது இரண்டு மணி நேரம் விட்டு இன்னொன்று போடலாம். முதல் மாத்திரைக்கு அசையவே இல்லை என்றால் இரண்டாவதும் பெரிதாக உதவாது. சிலருக்கு இதைப் போட்டதும் கழுத்திலும் மார்பிலும் சிறிது நேரம் இறுக்கமாக இருக்கும், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களும் ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்களும் சுமாட்ரிப்டான் போன்ற ட்ரிப்டான் வகை மருந்துகளைத் தொடக் கூடாது. நம் மருந்துக்கடைகளில் ஒற்றைத் தலைவலிக்கு என்று கேட்டால் எர்கோட்டமைன் கலந்த மாத்திரையைக் கொடுப்பதுண்டு. அதையும் சுமாட்ரிப்டானையும் ஒரே நாளில் சேர்த்து எடுத்தால் ரத்தக்குழாய்கள் ஆபத்தான அளவுக்குச் சுருங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் 24 மணி நேரம் இருக்க வேண்டும். வீட்டில் அந்தப் பழைய அட்டை இருந்தால் இப்போதே தூக்கிப் போடுங்கள்.

மார்ச் உங்களுக்கு ஒத்திகை. என்ன நடந்தது என்று அதே காலண்டரில் குறியுங்கள்: மருந்து தொடங்கிய தேதி, தலைவலி வந்த மணி, போட்ட மாத்திரை, பீரியட்ஸ் தேதி. பிழை எங்கே என்று அதிலேயே தெரிந்துவிடும். மருந்து தொடங்கிய முதல் நாளே தலைவலி வந்தால் தாமதமாகத் தொடங்கியிருக்கிறீர்கள், ஏப்ரலில் ஒரு நாள் முன்னால் நகர்த்துங்கள். ஏழு நாளும் அமைதியாக இருந்து, நிறுத்திய மறுநாள் வந்தால் சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள். அப்போது ஏப்ரலில் இரண்டு நாள் நீட்டிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தின் நடுவிலேயே பழைய வேகத்தில் வந்தால் தேதியில் தப்பில்லை, மருந்து போதவில்லை. நீண்ட நேரம் நிற்கும் நாராட்ரிப்டான் போன்ற ட்ரிப்டானை அந்த ஐந்தாறு நாளுக்குத் தினமும் தரும் வழி இருக்கிறது, அவர் அதை யோசிப்பார்.

ஏப்ரல் பீரியட்ஸ் வந்த பிறகுதான் கல்யாணக் கணக்கைப் போட முடியும். அது 23-ஆம் தேதி வந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது மே 20 முதல் 22-க்குள், தலைவலி 18 முதல் 21-க்குள். அப்படியானால் மே 17 காலையில் நாப்ராக்சன், 23 இரவுவரை. ஏப்ரல் பீரியட்ஸ் இரண்டு நாள் முன்னே பின்னே வந்தால் எல்லாத் தேதியும் அதே இரண்டு நாள் நகரும். கல்யாண வேலையில் இதை மறந்துபோவது சுலபம், கணவரின் போனிலும் அலாரம் வைத்துவிடுங்கள்.

சுற்று சீராக இல்லாத வாசகிகளுக்கு இந்த நாள் கணக்கு கை கொடுக்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் கருமுட்டைப் பரிசோதனைப் பட்டை அவர்களுக்கு உதவும். சிறுநீரில் அது பாசிட்டிவ் காட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பீரியட்ஸ் வரும். சுற்றின் முதல் பாதிதான் முன்னே பின்னே போகும், பின்பாதி பெரிதாக மாறுவதில்லை.

இப்போது பொங்கல் தலைவலி. பீரியட்ஸுக்கு முந்தைய சரிவு இல்லாத நாளிலேயே பட்டினி உங்களுக்கு மைக்ரேனைக் கிளப்பியிருக்கிறது. அந்தச் சரிவு நாளில் பட்டினியும் சேர்ந்தால் நாப்ராக்சன் தாங்குமா என்பது சந்தேகம். தம்பி கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போட வேண்டியவர் நீங்கள்தான், முகூர்த்தம் முடிகிறவரை பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் நிற்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருக்கலாம். இந்த ஒரு முறை விட்டுவிடுங்கள். விடியற்காலையில் எழுந்ததும் இரண்டு இட்லி, அதன் மேல் மாத்திரை. வெறும் வயிற்றில் நாப்ராக்சன் போடக் கூடாது என்று மாமியாரிடம் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள், அது உண்மையும்கூட. காபி வழக்கமாக எத்தனை டம்ளரோ அத்தனை, கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். வரவேற்பு முடிந்த இரவு நகை, புடவை எடுத்துவைக்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் படுங்கள். தூக்கம் கெடுவதும் பட்டினிக்குச் சமம். மேடையில் ஓமப் புகைக்கு நேர் எதிரே உட்கார வேண்டாம்.

மாமியார் சொல்லும் நீர்க்கோவை பற்றி ஒரு வார்த்தை. மைக்ரேன் தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே கழுத்து இறுகும், தலை பாரமாகும், கொட்டாவி வரும். அப்போது தலைக்குக் குளித்திருந்தால் பழி குளியல் மேல் விழுகிறது. அந்தப் பாரம் வரப்போகும் வலியின் முதல் கட்டம். சாம்பிராணி போட்டுத் தலையைக் காயவைப்பதில் தப்பில்லை, உங்களுக்கு அந்த வாசனை ஒத்துக்கொண்டால்.

மாத்திரை போட்ட நாட்களையும் எண்ணி வாருங்கள். ஒரு மாதத்தில் சுமாட்ரிப்டான் பத்து நாளையும், நாப்ராக்சன், பாராசிட்டமால் போன்றவை பதினைந்து நாளையும் எட்டி, அப்படியே மூன்று மாதத்துக்கு மேல் போனால் மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். உங்கள் திட்டத்தில் ஏழு நாள் போய்விடுகிறது. மீதி நாட்களில் சின்ன வலிக்கெல்லாம் அட்டையைக் கிழிக்க இடமில்லை. பீரியட்ஸ் அல்லாத நாட்களிலும் அடிக்கடி வரத் தொடங்கினால் இந்த ஏழு நாள் முறையை விட்டுவிட்டுத் தினசரித் தடுப்பு மருந்துக்குப் போக வேண்டியிருக்கும்.

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் வலி, கை கால் ஒரு பக்கம் தளர்வது, பேச்சு குழறுவது, இதுவரை இல்லாத கண்பார்வைக் கோளாறு ஆகிய எது வந்தாலும் காலண்டரைப் பார்க்காதீர்கள். அது பீரியட்ஸ் நாளாகவே இருந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.